எந்தக் கட்டத்திலும் கட்டணம் இல்லை

பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான்கைந்து வரிகள் இருக்கும். ‘மோசடி எச்சரிக்கை’ என்று மேலே போட்டிருப்பார்கள். டிசிஎஸ், இன்ஃபோசிஸ் தொடங்கி ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்கள் பலவும் இப்படி ஓர் அறிவிப்பை வைத்திருக்கின்றன. வாசகம் ஆளுக்கு ஆள் மாறினாலும் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் பெயரைச் சொல்லிச் சிலர் போலி வேலை உத்தரவு அனுப்பிப் பணம் பறிக்கிறார்கள். ஆள் எடுப்பின் எந்தக் கட்டத்திலும் நாங்கள் கட்டணமோ டெபாசிட்டோ கேட்பதில்லை. ஜிமெயில், யாஹூ போன்ற இலவச முகவரிகளிலிருந்து நாங்கள் வேலை உத்தரவு அனுப்புவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு வேலை தர எந்த ஏஜென்டையும் நாங்கள் வைத்திருக்கவில்லை. இதை மீறி யாரிடமாவது பணம் கொடுத்து ஏமாந்தால் நிறுவனம் பொறுப்பல்ல.

வேலை தேடுகிறவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டி ‘விண்ணப்பிக்க’ என்ற பொத்தானுக்குப் போய்விடுகிறார்கள். இது வக்கீல்கள் எழுதிய வழக்கமான வாசகம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நிறுத்திப் படித்தால், மோசடி எந்த வழியாக வருகிறது என்பதற்கான வரைபடமே இந்த வரிகளுக்குள் இருக்கிறது. எல்லா வரிகளுக்கும் ஒரே பலம் இல்லை என்பதும் கூடவே தெரியும். முகவரி பற்றிய வரியை மோசடிக்காரர்கள் எப்போதோ தாண்டிப் போய்விட்டார்கள். கட்டணம் பற்றிய வரியை மட்டும் அவர்களால் தாண்ட முடியவில்லை. பணம் வாங்குவதுதானே அவர்கள் தொழில்!

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் பெண்ணும் தொகைகளும் விளக்கத்துக்காக வைத்தவை. நடைமுறை மட்டும் இத்தகைய புகார்களில் திரும்பத் திரும்ப வருவது.

பெரம்பலூர் பக்கம் ஓர் ஊர். பி.இ. முடித்து எட்டு மாதமாக வேலை தேடும் பெண். வேலைவாய்ப்புத் தளங்களில் ரெஸ்யூமே ஏற்றி வைத்திருக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. ‘உங்கள் ரெஸ்யூமே தேர்வாகியுள்ளது, இன்று மாலை தொலைபேசி நேர்காணல்’ என்று, நாடறிந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பெயரில். அவள் படித்த பிரிவு, கல்லூரி, தேர்ச்சி பெற்ற ஆண்டு எல்லாமே அதில் சரியாக இருக்கின்றன. இவ்வளவு விவரம் தெரிந்தவர்கள் நிஜமானவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். அந்த விவரங்கள் அவளே ரெஸ்யூமேயில் எழுதியவை. பல கைகளுக்குப் போகட்டும் என்றுதானே ரெஸ்யூமேயைப் பொதுவில் வைக்கிறோம்? ‘ஆட்கள் தேவை’ என்று பொய் விளம்பரம் கொடுத்து ரெஸ்யூமே சேர்ப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

மாலையில் அழைப்பு வருகிறது. பத்து நிமிடம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், சென்னையா பெங்களூரா, எப்போது சேர முடியும். பாடத்தில் ஒரு கேள்விகூட இல்லை. மறுநாள் வேலை உத்தரவு பிடிஎஃப் ஆக வந்துவிடுகிறது. ஆண்டுச் சம்பளம் 4.2 லட்சம், சேரும் தேதி, லோகோ, மேற்கோள் எண், மனிதவள அதிகாரியின் கையெழுத்து, உருண்டை முத்திரை எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தின் கீழே, திருப்பித் தரப்படும் பதிவுத் தொகை 1,850 ரூபாய் என்று ஒரு வரி.

அவள் தயங்குகிறாள். ஃபோனில் பேசுகிறவர் தயங்க இடம் கொடுப்பதில்லை.

“மேடம், இது ஃபீஸே இல்லை. ரீஃபண்டபிள் டெபாசிட். முதல் மாசச் சம்பளத்தோட சேர்ந்து வந்துடும். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா சிஸ்டமே உங்க பேரை எடுத்துடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை.”

“சார், அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே.”

“தாராளமா கேளுங்க மேடம். ஆனா ஆஃபர் லெட்டர் கான்ஃபிடென்ஷியல். வெளியில யார்கிட்டயும் காட்டாதீங்க, கேன்சல் ஆயிடும்.”

இந்த நாலு வாக்கியத்துக்குள் எல்லாமே அடங்கிவிட்டன. கட்டணத்துக்கு ‘டெபாசிட்’ என்று வேறு பெயர். யோசிக்க நேரம் கொடுக்காத ஒரு கெடு. விஷயம் தெரிந்த ஒருவரிடம் அவள் காட்டிவிடாமல் இருக்க ‘ரகசியம்’ என்ற பூட்டு. தொகையும் கணக்குப் போட்டு வைத்ததுதான். 1,850 ரூபாய்க்காக யாரும் காவல் நிலையப் படி ஏறமாட்டார்கள். இரண்டாயிரம் என்று முழுசாகக் கேட்டால் பேரம் போலத் தெரியும், 1,850 என்றால் ஏதோ ஒரு கட்டண அட்டவணையிலிருந்து எடுத்தது போல இருக்கும்.

அவள் கட்டுகிறாள். இரண்டு நாள் கழித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கு 6,400 ரூபாய். அடுத்து, வீட்டுக்கு அனுப்பப்போகும் லேப்டாப்புக்குக் காப்பீடு என்று 12,500. ஆக 20,750 ரூபாய். இரண்டாவது தொகையை அவள் ஏன் கட்டினாள் என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். கட்டாவிட்டால் முதலில் கட்டிய 1,850 போய்விடும், கட்டினால் எல்லாம் சேர்ந்து திரும்பி வரும் என்றுதான் அந்த நேரத்தில் மனசு கணக்குப் போடும். வீட்டில் ‘வேலை கிடைத்துவிட்டது’ என்று சொல்லியாகிவிட்டது. அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. மூன்றாவது தொகையை அப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறார். நான்காவதாக இன்னொரு தொகை கேட்கப்படும்போது அவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அன்றோடு அந்த எண் அணைந்துவிடுகிறது.

இங்கே கோபம் வர வேண்டியது அந்தப் பெண்ணின் மேல் இல்லை. படித்தவர்களே ஏமாறுகிறார்களே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. முதல் வேலைக்குப் போகிறவருக்கு நிஜமான நியமனம் எப்படி நடக்கும் என்பது தெரியவே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் இன்னொரு உத்தரவு இல்லை. மோசடிக்காரர் அந்த அறியாமையைக் குறிபார்த்துத்தான் வருகிறார்.

இனி அறிவிப்பின் வரிகளுக்கு வருவோம். இலவச முகவரியிலிருந்து அனுப்பமாட்டோம் என்ற வரியைப் படித்தவர், ஜிமெயில் இல்லை என்றால் சரி என்று புரிந்துகொள்வார். அது ஆபத்தான புரிதல். சில நூறு ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்யலாம். நிறுவனத்தின் நிஜ முகவரி example.com என்று வைத்துக்கொள்வோம். மோசடி அஞ்சல்கள் இப்படி வரும்:

```
hr@example-careers.com
offer@example.com.joining-desk.in
careers@exarnple.com
```

மூன்றுமே அந்த நிறுவனத்துடையவை அல்ல. முதலாவதில் நடுவில் ஒரு கோடு போட்டுப் புதுப் பெயர் உண்டாக்கியிருக்கிறார்கள். இரண்டாவதில் நிஜப் பெயர் முழுசாக இருக்கிறது, ஆனால் இடது பக்கம் இருக்கிறது. மூன்றாவதில் m என்ற எழுத்துக்குப் பதிலாக r, n என்று இரண்டு எழுத்துகள். கைபேசித் திரையில் அதைக் கண்டுபிடிப்பது லேசில்லை.

இணைய முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியில் வரும் .com அல்லது .in, அதற்கு ஒட்டி இடதுபுறம் இருக்கும் சொல், இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உரிமையாளர் யார் என்று காட்டும். முடிவு .co.in என்றிருந்தால் அந்த இரண்டுக்கும் முந்தைய சொல். அதற்கு இடப்பக்கம் புள்ளி வைத்து என்ன வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் careers.example.com என்பது நிறுவனத்துடையது, example.com.joining-desk.in என்பது joining-desk.in என்ற பெயரை வாங்கிய யாரோ ஒருவருடையது.

அஞ்சலின் மேலே தெரியும் பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு. ‘மனிதவளப் பிரிவு’ என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெயரை விரல் வைத்துத் திறந்து முகவரி முழுவதையும் பார்க்க வேண்டும். பதில் எழுதும் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும் நல்லது. அனுப்பியவர் முகவரி ஒன்றாகவும், பதில் போய்ச் சேரும் முகவரி வேறாகவும் இருப்பதுண்டு. கணினியில் ஜிமெயிலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ‘Show original’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் SPF, DKIM, DMARC என்ற மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். FAIL என்று இருந்தால் அது கடுமையான எச்சரிக்கை. PASS என்று இருந்தால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இந்த முகவரியிலிருந்துதான் இந்த அஞ்சல் வந்தது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். மோசடிக்காரர் சொந்தமாக வாங்கிய example-careers.com இந்தச் சோதனையில் அழகாகத் தேறிவிடும்.

கடிதத்தின் தோற்றமும் அப்படித்தான். கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி நிறுவனங்கள் தங்கள் கடிதத்தாளில் பெயர், பதிவு அலுவலக முகவரி ஆகியவற்றோடு 21 எழுத்து-எண் கொண்ட பதிவு எண்ணையும் அச்சிட வேண்டும். அந்த எண் இல்லாத கடிதத்தைச் சந்தேகிக்கலாம். இருக்கும் கடிதத்தை அதற்காக நம்பக் கூடாது. அந்த எண் ரகசியமில்லை, நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே இருக்கும். லோகோவும் அதிகாரியின் பெயரும் அதே மாதிரி பொதுவில் கிடைப்பவைதான். நிஜக் கடிதத்தை மாதிரியாக வைத்துச் செய்கிறபோது, அதிலிருந்த மோசடி எச்சரிக்கை வாசகமும் அப்படியே போலிக் கடிதத்துக்கு வந்துவிடுவதுண்டு. ‘யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்’ என்று முதல் பக்கத்தில் படித்தவர், இரண்டாம் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணைப் பார்க்கிறார். எச்சரிக்கையே கடிதத்துக்கு ஒரு நம்பகத் தோற்றத்தைக் கொடுத்துவிடுகிறது.

ஆகவே கடிதத்தை உற்றுப் பார்த்து நிஜமா போலியா என்று கண்டுபிடிக்க முயல்வது தோற்கும் ஆட்டம். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, நாமே வேறு வழியில் நிறுவனத்திடம் போக வேண்டும். கடிதத்தில் உள்ள இணைப்பு, கடிதத்தில் உள்ள ஃபோன் எண் இரண்டையும் தொடக் கூடாது. நிறுவனத்தின் முகவரியை உலாவியில் நாமே தட்டச்சு செய்து, வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் முகவரிக்குக் கடிதத்தை அனுப்பி, இது உங்களுடையதா என்று கேட்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பதாரருக்கு ஓர் எண் உண்டாகும். உதாரணமாக டிசிஎஸ்ஸில் புதிதாகப் படித்து வருகிறவர்கள் நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற தளத்தில் பதிந்தால் CT அல்லது DT என்று தொடங்கும் எண் கிடைக்கும். மேற்கொண்டு நடப்பது அந்தக் கணக்கோடு பிணைந்திருக்கும். நமது பெண் எங்குமே பதியவில்லை, தேர்வு எழுதவில்லை, விண்ணப்பமே போடவில்லை. விண்ணப்பிக்காத இடத்திலிருந்து நியமன உத்தரவு வந்ததே முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது பணம் போகும் இடம். இங்கேதான் மோசடிக்காரர் மறைக்க முடியாத ஒரு தடயம் இருக்கிறது. யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும்போது, ரகசிய எண்ணை அடிப்பதற்கு முன் திரையில் பெறுபவரின் வங்கிப் பெயர் வரும். பல்லாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு டெபாசிட் கட்டும்போது அங்கே ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் தெரிகிறது. கேட்டால், “அது எங்க ஃபைனான்ஸ் எக்ஸிக்யூட்டிவ் அக்கவுன்ட் மேடம்” என்று பதில் வரும். எந்த நிறுவனமும் தன் வருமானத்தை ஓர் ஊழியரின் சேமிப்புக் கணக்கில் வாங்காது. அந்தத் திரையில் அரை நிமிடம் நின்றால் போதும்.

அந்தப் பெயருக்குரியவர் பெரும்பாலும் மோசடிக்காரரும் அல்ல. சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் யாருக்கோ வாடகைக்குக் கொடுத்த ஒரு மாணவராகவோ கூலித் தொழிலாளியாகவோ இருக்கலாம். பணம் அங்கே வந்த சில நிமிடங்களில் அடுத்த கணக்குக்கும், அங்கிருந்து இன்னும் நாலைந்து கணக்குகளுக்கும் பிரிந்து, கடைசியில் எங்கோ ஓர் ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். போலீஸ் வரும்போது முதலில் சிக்குகிறவர் கணக்கை வாடகைக்கு விட்டவர். ‘உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்’ என்ற ‘வீட்டிலிருந்தே வேலை’யும் இதே வலையின் இன்னொரு பக்கம்தான்.

‘ஏஜென்டுகளை நியமிக்கவில்லை’ என்ற வரிக்கு இன்னும் கனமான பின்புலம் உண்டு. மின்னஞ்சல் மோசடியில் ஆயிரங்கள் போகும். நேரில் வரும் ஏஜென்டிடம் லட்சங்கள் போகும். 2022-ஆம் ஆண்டு இறுதியில் வெளியே வந்த ஒரு சம்பவம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ரயில்வேயில் வேலை என்று நம்பி 28 பேர் டெல்லி போனார்கள். ஒவ்வொருவரிடமும் லட்சக்கணக்கில் வாங்கியிருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய். அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது, சான்றிதழ் சரிபார்ப்பு நடந்தது. பிறகு ‘பயிற்சி’. புதுடெல்லி ரயில் நிலையத்தில் நடைமேடைகளில் நின்று, வந்து போகும் ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் தினமும் எட்டு மணி நேரம் எண்ண வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம் எண்ணினார்கள். டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் போன்ற பதவிகளுக்கு இதுதான் பயிற்சி என்று சொல்லப்பட்டது. கடைசியில் பணி உத்தரவோடு போனபோதுதான் எல்லாம் போலி என்று தெரிந்தது. புகார் டெல்லி போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போனது.

அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனம் பதைக்கிறது. அவர்கள் ஒரு காகிதத்தை மட்டும் நம்பவில்லை. நிஜ ரயில் நிலையம், நிஜ ரயில்கள், கண்ணெதிரே நிஜ உடுப்பணிந்த ஊழியர்கள். ரயில் நிலையத்தில் நின்று பெட்டிகளை எண்ண யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதுதான் அந்த ஏமாற்றின் சூட்சுமம். ஒரு நிறுவனத்தின் கட்டடத்துக்குள் உட்கார வைத்தே நேர்காணல் நடந்தாலும்கூட, அது நிறுவனம் நடத்தும் நேர்காணல் என்று ஆகிவிடாது. வரவேற்பறையிலும் கேன்டீனிலும் உட்கார யாருக்கும் முடியும்.

‘கட்டணமே கிடையாது’ என்ற வரி எல்லா வேலைக்கும் பொருந்துமா என்றால், இல்லை. அந்த விதிவிலக்குகளைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மோசடிக்காரர் அவற்றைத்தான் காட்டுவார். “கவர்ன்மென்ட் எக்ஸாமுக்கே ஃபீஸ் கட்டறீங்களே மேடம்” என்பார். அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு. மத்திய பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு அது வழக்கமாக 100 ரூபாய், பெண்களுக்கு அதுவும் இல்லை. அது தேர்வு எழுதுவதற்கான கட்டணம். தேர்வுக்கு முன்னால், அறிவிக்கை வெளியிட்ட அமைப்பின் தளத்தில் கட்டுவது. தேர்வான பிறகு வேலையில் சேர்வதற்காக யாருக்கும் கட்டுவதில்லை.

வெளிநாட்டு வேலைக்கு இன்னொரு சட்டம். 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஏஜென்டுகள் சேவைக் கட்டணம் வாங்கலாம். உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ரசீது கொடுக்க வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. துபாயில் வேலைக்கு ஒன்றரை லட்சம் கேட்கும் ஒருவர், தான் பதிவு பெற்றவர் என்று சொல்லிக்கொண்டால்கூட, அந்தத் தொகையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்நாட்டுத் தனியார் நிறுவனத்தின் நேரடி நியமனத்துக்கு இந்த விதிவிலக்குகள் எதுவும் வராது. பின்னணிச் சரிபார்ப்பு, லேப்டாப், பயிற்சி எல்லாம் நிறுவனத்தின் செலவு. பெயர் எப்படி மாறினாலும், வேலை கொடுக்கிறவர் வேலைக்கு வருகிறவரிடம் முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். இந்த ஒரு வரிக்கு மின்னஞ்சல் தொழில்நுட்பம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கே புரியும்.

அதனால்தான் நிறுவனங்கள் மேல் எனக்கு ஒரு குறை. இவ்வளவு பயனுள்ள வரியை அவை ஆங்கிலத்தில், வக்கீல் நடையில், பக்கத்தின் அடியில் வைக்கின்றன. அதைத் தேடிப் போய்ப் படிக்கிறவர் ஏற்கெனவே பாதி விழிப்பாக இருப்பவர். ஏமாறப்போகிறவர் அந்தப் பக்கத்துக்கு வருவதே இல்லை. அவருக்கு அஞ்சலும் வாட்ஸ்அப்பும்தான் நிறுவனம். பல அறிவிப்புகளில் ‘பொறுப்பல்ல’ என்ற வரிதான் அழுத்தமாக இருக்கும். சந்தேகம் வந்தால் எங்கே கேட்பது என்பது தேடினாலும் கிடைக்காது. நிறுவனத்தின் நிலையும் புரிகிறது. போலித் தளத்தை நடத்துவது யார் என்று அதற்கே தெரியாது. இந்திய நீதிமன்றங்களில் அடையாளம் தெரியாத பிரதிவாதிக்கு ‘அசோக் குமார்’ என்று பெயர் வைத்து வழக்குப் போட்டு, போலி இணைய முகவரிகளை முடக்க உத்தரவு வாங்குகிறார்கள். ஒன்றை முடக்கினால் இன்னொன்று முளைக்கும்.

இருந்தாலும் செய்யக்கூடியது இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஆள் எடுக்க வருகிற நிறுவனம் இந்த அறிவிப்பைத் தமிழிலும் போடலாம். தன் நிஜ முகவரி எது என்று எழுத்தெழுத்தாகச் சொல்லலாம். கடிதத்தின் எண்ணைத் தட்டினால் ஆம், இல்லை என்று சொல்லும் ஒரு வசதி வைக்கலாம். கல்லூரி வேலைவாய்ப்பு அதிகாரியின் அறைக் கதவில் அதை ஒட்டச் சொல்லலாம். பிள்ளைகள் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஓடிப் போவது அவரிடம்தான்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இது இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். எந்த வங்கியிலிருந்து, எந்தக் கணக்குக்கு அல்லது யுபிஐ முகவரிக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். யுபிஐ ரசீதில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் அந்தத் தொகையை நிறுத்திவைப்பார்கள். கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும் பணத்தைப் பிடிக்கும் ஓட்டம் இது, அதனால் முதல் சில மணி நேரம்தான் பெரிது. நிறுத்திவைத்த பணமும் உடனே கைக்கு வராது, சட்ட நடைமுறை முடிய வேண்டும். வங்கியே இழப்பை ஈடுகட்டும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ரகசிய எண்ணை அடித்து அனுப்பியது நாமே என்பதால் அந்தக் கோரிக்கை பெரும்பாலும் நிற்காது.

ரொக்கமாகக் கொடுத்திருந்தால் 1930-இல் நிறுத்திவைக்க ஒன்றுமில்லை. நேரே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். பாரதிய நியாய சம்ஹிதையின் 318-ஆவது பிரிவு ஏமாற்றுதலுக்கானது, ஏமாற்றிப் பணம் பறித்தால் ஏழு ஆண்டு வரை சிறை. இன்னொருவராக நடித்து ஏமாற்றுவது 319. கணினி வழியாக அப்படிச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66D பிரிவும் சேரும். புகாரோடு உரையாடல்கள், அஞ்சல்கள், கடிதம் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். கோபத்தில் உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் தங்கள் சாட்சியத்தையே அழிக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் மறந்துபோகிற ஒன்று உண்டு. அந்தப் பெண் முதல் நாளே ஆதார், பான், மதிப்பெண் பட்டியல், புகைப்படம், ரத்து செய்த காசோலை எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள். அவளுக்கு 20,750 ரூபாயோடு முடிந்தது, அவள் ஆவணங்களுக்கு முடியவில்லை. அவற்றை வைத்து அவள் பெயரில் சிம் கார்டு வாங்கலாம், கடன் செயலியில் கடன் கேட்கலாம், அடுத்தவரை ஏமாற்ற ஒரு கணக்கே திறக்கப் பார்க்கலாம். sancharsaathi.gov.in தளத்தில் தன் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்து, தன்னுடையது அல்லாததை நீக்கச் சொல்லலாம். ஆதாரின் கைரேகை, கருவிழிப் பதிவுகளை ஆதார் ஆணையத்தின் தளத்தில் பூட்டி வைக்கலாம். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தான் வாங்காத கடன் ஏதும் தன் பெயரில் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

1,850 ரூபாயோடு சுதாரித்துக்கொண்டவர்களும் புகார் கொடுக்க வேண்டும். அதே கணக்குக்கு அதே நாளில் பணம் அனுப்பிய இன்னும் பலர் இருப்பார்கள். தனித்தனியாகச் சின்னத் தொகைகள். ஒரே கணக்கு எண்ணின் மேல் புகார்கள் சேரும்போதுதான் அது தனி மனிதரின் நஷ்டமாக இல்லாமல் ஒரு கும்பலின் வரவுக் கணக்காகத் தெரியும். cybercrime.gov.in தளத்தில் சந்தேகத்துக்குரிய ஃபோன் எண், வங்கிக் கணக்கு, யுபிஐ முகவரி ஆகியவற்றைத் தேடிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. அங்கே பதிவு இல்லை என்பதால் ஒரு கணக்கு சுத்தமானது என்று ஆகாது, இன்னும் யாரும் புகார் கொடுக்காமல் இருந்திருக்கலாம். நமது பெண் முதல் தொகையைக் கட்டிய அன்றே புகார் கொடுத்திருந்தால், மறுநாள் அந்த எண்ணைத் தேடுகிறவருக்கு அது அங்கே கிடைத்திருக்கக்கூடும்.